நீ கொடுத்த வாக்கும் என் ஏழு நிமிடமும்

இன்று காலை கேமரா பையின் மழையுறையைக் காயப்போட மாடிக்கு எடுத்துப் போனேன். உதறியதும் மீன் வாடை அடித்தது. இரண்டு தடவை சோப்புத்தூள் போட்டு அலசியும் போகவில்லை. நாளைக்கு வத்தலக்குண்டில் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளிப்பார்களே என்று நினைத்துக்கொண்டே கொடியில் போட்டேன். போட்ட கையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பரிசலில் மண்டி போட்டு, ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு, "ஆட்டாதீங்கண்ணே, செத்த நேரம் ஆட்டாம இருங்க" என்று நீ கெஞ்சியது அப்படியே கேட்டது.

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நல்லபடியாக முடிந்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது சொல்லலாம்.

கடலே இல்லாத திண்டுக்கல்லில் மீனவர் ஊரைப் பற்றி ஒரு படம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கிற இரண்டு பொம்பளைகளுக்கு வேறு வேலையில்லை என்றார்கள். சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு, அணைக்கரையில் டீ குடிக்க நிறுத்தினாயே, அன்றைக்குத் தொடங்கியது இது. கரையில் பாண்டியம்மா அக்கா வறுத்த மீன் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் கருப்பையா அண்ணன், நூற்பாலைக் காவலாளிச் சீருடையிலேயே உட்கார்ந்து மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இருபது வருடம் அந்த அணையில் பரிசல் போட்டவர்கள். சாயங்காலம் நரம்பு வலையை விரித்துவிட்டு வந்து, விடியுமுன் போய் இழுத்து, கிடைத்த கட்லா மீனையும் ஜிலேபி மீனையும் மீனவர் சங்கத்துத் தராசில் போட்டவர்கள். தண்ணீர் வற்றுகிற வருடங்கள் கூடிக்கொண்டே வர, ஒவ்வொரு வீடாக வலையை விட்டது. சிலர் ஆலை பஸ் ஏறினார்கள். சிலர் தோட்டத்தில் குட்டை வெட்டி மீன் வளர்த்தார்கள். இவர்கள் கடை போட்டார்கள். தாங்கள் பிடித்த மீனை விற்ற அதே சங்கத்தில் இப்போது காசு கொடுத்து மீன் வாங்குகிறார்கள்.

"வலைய விட்டது வருத்தமா இருக்காக்கா?" என்று நான்தான் கேட்டேன். பாண்டியம்மா அக்கா கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்குத் தாயி வருத்தம்? கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து, இப்பத்தான் விடிஞ்சப்புறம் முழிக்கிறேன்."

நீ டீயைக் கீழே வைத்துவிட்டுக் காரிலிருந்து கேமராவை எடுத்து வந்தாய்.

குறும் ஆவணப்படங்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதியது நான். என் முதல் வரி உனக்கு நினைவிருக்கும்: "அழிந்துவரும் ஒரு வாழ்வின் கண்ணீர்க் கதை." நீ பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, "அழுவுறதுக்கு நம்மள யாருடி கூப்ட்டா? அந்தக்கா சிரிச்சுக்கிட்டுல இருக்கு" என்றாய். அதற்கப்புறம் அந்த ஒரு வரிக்காக நாம் பத்து நாள் அடித்துக்கொண்டோம். முழுப் படத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் நமக்கே படம் பிடிபடவில்லை என்று அர்த்தம் என்பாய். கடைசியில் நின்ற வரி இது: "அணையில் மீன் பிடிப்பதை விட்ட ஒரு கணவனும் மனைவியும், அதனால் வந்த நிம்மதியை ஊரறியச் சொல்லத் தயங்கும் கதை."

அந்தத் தயக்கம் என்னவென்று நமக்குக் காட்டியவர் கருப்பையா அண்ணன். ஒரு மதியம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், புளியமரத்தடியில் நீ கேமராவை வைத்தாய். நான் மைக்கைச் சொருகினேன். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று அழுதுவிட்டார். தண்ணீரைக் கண்டால் தனக்குப் பயம் என்றார். தம்பி அந்த அணையில் முழுகிய நாளிலிருந்து, ஒவ்வொரு நாளும் பரிசலில் கால் வைக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்றார். ஆலையில் வேலை கிடைத்த அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்ததாகவும், ஆனால் ஊரில் எல்லோரிடமும், "என்ன செய்ய, தண்ணி இல்ல, அதான் விட்டேன்" என்று பொய் சொன்னதாகவும் சொன்னார். மீனவன் தண்ணிக்குப் பயந்தான் என்றால் எவன் மதிப்பான் என்றார். (இதை இப்போது நான் எழுதலாம். ஏன் எழுதலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

நம் இரண்டு பேருக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் நம் படம் என்று தெரிந்துவிட்டது. ஏற்கெனவே ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் அன்றைக்கே அந்தக் காட்சியை முன்னோட்டத்தின் முடிவில் வைத்து வெட்டினேன். விண்ணப்பத்திலும், "இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை மீனவர் கேமரா முன் உடைந்து சொல்கிறார்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். முன்னோட்டத்தை நேர்காணலில்தான் காட்ட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அதை மட்டும் போடாத தாயி" என்றார். நீ சரியென்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். ஸ்டுடியோவில் நான் உன்னோடு போட்ட சண்டை பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"கையெழுத்து இருக்குல்லடி?"

"கையெழுத்து பேப்பர்ல இருக்கு. நான் சொன்ன வார்த்தை அவரு காதுல இருக்கு."

"அது இல்லேன்னா நம்ம படத்துல என்ன இருக்கு?"

"இல்லேன்னா இல்ல. வேற தேடுவோம்."

நான் அந்தக் காட்சியை நீக்கவில்லை. எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். முதல் சுற்றில் தேறிவிட்டோம், நேரில் வந்து பேச வேண்டும் என்று தகவல் வந்தபோது நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். எட்டு நாள். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்தபோது நீ கேட்டது இரண்டே கேள்வி. "அம்மா சாப்ட்டாங்களா?" என்றாய். அப்புறம், "அதை எடுத்துட்டியா?" என்றாய். எடுத்துட்டேன் என்றேன். உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது பொய். இத்தனை மாதமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு மூன்று வாரம் நான் கணினியைத் தொடவில்லை. தெற்கு மாவட்டங்களுக்கான நேர்காணல் இந்த முறை திண்டுக்கல்லிலேயே ஒரு கல்லூரி அரங்கில் என்றார்கள். பேச வேண்டியவள் நீ. வெட்டி ஒட்டுகிறவள் நான், நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வரவில்லை என்று கடிதம் எழுதிப் பாதியில் வைத்திருந்தேன். அப்போது பாண்டியம்மா அக்கா போன் செய்தார். "அந்தப் புள்ள போயிருச்சுன்னு நீ படத்த விட்றாத. நாங்க இம்புட்டு நாளு பேசுனது என்னாகுறது?" என்றார். அவர்களுடைய பேச்சு என்னுடைய கணினியில் கிடக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தை அழித்தேன்.

நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பு, ஒரு பிற்பகல், முன்னோட்டத்தைத் திறந்தேன். இரண்டு நிமிடம். கடைசி நாற்பது நொடி அண்ணன் அழுகிறார். யார் பார்த்தாலும் அசந்துவிடுவார்கள். இனி என்னைக் கேட்க யாருமில்லை என்ற நினைப்பு வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. நீ இல்லை. அண்ணனுக்குக் காட்டப்போவதுமில்லை. தேர்வுக்குழுவில் மூன்றே பேர். மூன்று பேர் பார்த்தால் ஊருக்குத் தெரியவா போகிறது?

அந்த நாற்பது நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, இதுவரை கவனிக்காத ஒன்று காதில் விழுந்தது. அவர் அழுது முடித்ததும், கேமராவுக்குப் பின்னாலிருந்து உன் குரல் சன்னமாக, "போதும்ணே, நிறுத்திர்றேன்" என்கிறது. அதற்கப்புறம் படம் அணைகிறது. நீ நிறுத்திய இடத்தைத்தான் நான் முடிவு என்று நினைத்து வெட்டியிருக்கிறேன். அவர் இன்னும் பேசியிருப்பார். நீதான் நிறுத்தினாய்.

எடுத்துவிட்டேன்.

எடுத்தபின் முன்னோட்டம் சப்பென்று இருந்தது. உன் பழைய கோப்புகளைத் துழாவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அவர்கள் வீட்டு வாசலிலிருந்து எடுத்தது ஒன்று கிடைத்தது. நன்றாக விடிந்து வெயில் ஏறிய நேரம். பாண்டியம்மா அக்கா பாயில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார், முடியை அள்ளிச் செருகுகிறார், அணைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார், மறுபடியும் படுத்துக்கொள்கிறார். ஒரு பேச்சில்லை. இதையா எடுத்தாய் என்று அன்றைக்கு உன்னைக் கேலி செய்திருந்தேன். அதை முடிவில் வைத்தேன்.

பேச்சை ஏழு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும், முன்னோட்டமும் அதற்குள்தான். நான் ஐந்து நிமிடம் பேசலாம். சமையலறையில் போனில் நேரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை ஒன்பது நிமிடம் போனது. அணை கட்டிய வரலாற்றை எடுத்தேன். அரசுத் திட்டங்களின் பெயர்களை எடுத்தேன். முன்னோட்டத்தில் கண்ணால் பார்க்கப்போவதை வாயாலும் சொல்லியிருந்த இடங்களை எடுத்தேன். மூச்சு விடும் இடத்தில் சாய்வுக் கோடு போட்டேன். உன்னைப் பற்றி எங்கே சொல்வது என்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. முதலில் சொன்னால் உன் சாவைக் காட்டி உதவி கேட்பது போலாகும். சொல்லாமல் விட்டால் பொய்யாகும், விண்ணப்பத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. கடைசியில், படத்தை யார் எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டே வரியாக வைத்தேன்.

அரங்கில் எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். என் முறை வந்ததும் எழுந்து முன்னால் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நரைத்த குட்டை முடியோடு ஒரு படத்தொகுப்பாளர் அம்மா, தொலைக்காட்சிக்காரர் ஒருவர், அறக்கட்டளையின் சார்பில் கதர்ச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர். வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு நம் ஒற்றை வரியைச் சொன்னேன். கதர்ச் சட்டைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். அதற்குப் பிறகு நாக்கு ஒட்டவில்லை.

பாண்டியம்மா அக்கா யார், கருப்பையா அண்ணன் யார் என்று சொன்னேன். முன்னோட்டத்தை ஓடவிட்டேன். விளக்கு எரிந்ததும், இந்தப் படத்தில் பின்னணிக் குரல் இருக்காது, அவர்கள் பேச்சும் அணையின் சத்தமும்தான் இருக்கும் என்றேன். தண்ணீர் நிறைந்த பருவத்தில் ஒருமுறை, வற்றிய பருவத்தில் ஒருமுறை எடுக்க வேண்டும், முதல் பருவம் எடுத்தாயிற்று என்றேன். யார் யாரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறோம், சங்கத்தில் படம்பிடிக்க அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்றேன். "ஒளிப்பதிவு செய்தவர் என் தோழி. சென்ற மாதம் காலமானார். மீதியை நானே எடுப்பேன், அவர் எடுத்த கோணங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். எதற்கெல்லாம் உதவி வேண்டும் என்று சொல்லி, முடிந்த படத்தை முதலில் அணைக்கரையில் திரை கட்டிக் காட்டுவோம், பிறகுதான் வெளியே என்று முடித்தேன். ஆறு நிமிடம் ஐம்பது நொடி.

பிறகு கேள்விகள். தொலைக்காட்சிக்காரர் தொடங்கினார்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னா, இதுல மோதல் எங்கம்மா இருக்கு?"

"வெளியில இருந்து வர்ற எங்கள மாதிரி ஆளுங்க, வலைய விட்டவங்க அழுவணும்னு எதிர்பாக்குறோம் சார். ஊரும் அதத்தான் எதிர்பாக்குது. நிம்மதியா இருக்குன்னு சொன்னா குத்தம் மாதிரி இருக்கு அவங்களுக்கு. அந்தச் சொல்ல முடியாததுதான் சார் மோதல்."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் படத்தொகுப்பாளர் அம்மா நம் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மீனவர் உடைஞ்சு சொல்றதா எழுதியிருக்கீங்க. அது முன்னோட்டத்துல இல்லையே?"

"எடுத்துட்டேன் மேடம்."

"ஏன்?"

"அவரு வேணாம்னு கேட்டுக்கிட்டாரு."

"ஒப்புதல் வாங்கலையா?"

"கையெழுத்து இருக்கு மேடம். ஆனா போட மாட்டோம்னு என் தோழி அவருக்கு வாக்குக் குடுத்துட்டா."

"அவர் என்ன சொன்னார்னு எங்களுக்காவது சொல்லலாமா?"

"இல்ல மேடம். அதையும் சொல்லக் கூடாது."

போச்சு என்று நினைத்தேன். ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், உனக்குத்தான் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உன்னிடம் சொன்ன பொய்யை இப்போது உண்மையாக்கிவிட்டேன்.

அந்த அம்மா கேட்டார்: "அப்ப, அந்தக் காட்சி இல்லாமலே படம் நிக்கும்னு நினைக்கிறீங்களா?"

"தெரியல மேடம். நிக்கும்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது. வத்துன பருவத்துல அவரா வந்து என்ன சொல்றாரோ, அத வச்சுத்தான் தெரியும்."

அவர் எதையோ எழுதிக்கொண்டு, "கடைசியில அந்தக்கா திரும்பப் படுத்துக்குறாங்களே, அதை யார் எடுத்தது?" என்றார். நீ என்றேன். "இன்னும் ரெண்டு நொடி விட்டிருக்கலாம். சீக்கிரம் வெட்டிட்டீங்க" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, அதை நினைத்து ஒரு மூச்சுச் சிரித்தேன். நீயும் எப்போதும் அதைத்தான் சொல்வாய்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. வற்றிய பருவத்தை எடுக்க உதவி உண்டு. வெட்டி ஒட்டிய முதல் வடிவத்தை அவர்களுக்குக் காட்டிய பிறகு மீதியை முடிவு செய்வார்கள். நாம் கேட்டது முழுதாக இல்லை. போதும்.

மறுநாளே அணைக்கரைக்குப் போனேன். கருப்பையா அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன், எங்கேயும் காட்டவில்லை என்றேன். "தெரியும். அந்தப் புள்ள சொன்னா செஞ்சிரும்ல" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். நீதான் எடுத்தாய் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.

கோடையில் தண்ணீர் இறங்கி, சேறு வெடித்துக் கிடந்தபோது போய் எடுத்தேன். என் கை உன் கை போல் நிற்கவில்லை, இருந்தாலும் பழகிவிட்டது. ஒரு சாயங்காலம் பழைய பரிசல்காரர்கள் நாலு பேர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்து அணை நிறைந்தால் திரும்ப வலை போடலாமா என்று பேச்சு. நான் ஓரமாகக் கேமராவை ஓடவிட்டிருந்தேன், அவர்களுக்கும் தெரியும். அண்ணன் மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே, "நான் வரல" என்றார்.

"ஏன்யா?"

"எனக்குத் தண்ணின்னா பயம். எந்தம்பி போனதுல இருந்தே பயம்தான்."

பாண்டியம்மா அக்காவின் கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது. பெஞ்சின் கோடியிலிருந்த பெரியவர் மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு மட்டும் என்னவாம்? நான் முருகனைக் கூப்டாம ஒருநா ஏறுனதில்ல."

இன்னொருவர், "நீச்சலே தெரியாதுப்பா எனக்கு" என்றார். அதற்கு எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அண்ணன்தான் அதிகம் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். உன்னைப் போலவே நானும் கேமராவை ஆட்டாமல் பிடித்திருந்தேன். வெட்ட வேண்டிய இடம் வந்தபிறகும் ஓடவிட்டேன்.

எல்லோரும் போனபின் லென்சை மூடிவிட்டு, "அண்ணே, இன்னைக்கு எடுத்ததுல வேணாங்கறது எதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தாயி. எல்லாம் இருக்கட்டும். மரத்தடியில சொன்னதும் இருக்கட்டும்" என்றார்.

படம் இப்போது தொகுப்பு மேசையில் இருக்கிறது. மரத்தடிக் காட்சியைச் சேர்க்கவில்லை. பெஞ்சில் சிரித்த காட்சி வந்தபிறகு அது தேவைப்படவில்லை. வேற தேடுவோம் என்றாய், கிடைத்துவிட்டது.

என்னோடு தங்கிவிட்டது, எடுத்ததில் வேண்டாம் என்பது ஏதாவது இருக்கிறதா என்ற அந்தக் கேள்விதான். இப்போது கல்யாண வீடுகளிலும் கேட்கிறேன். போன வாரம் தொப்பம்பட்டியில் ஒரு மணப்பெண்ணிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏனுங்கக்கா, எங்கப்பா அழுததை மட்டும் வெட்டி எடுத்துருங்க. அவருக்குப் புடிக்காதுங்க" என்றாள். நோட்டில் குறித்துக்கொண்டேன். அன்றைக்கே, வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், முதல் வேலையாக அதை எடுத்துவிட்டேன்.